அக்காவுக்குக் கண்ணாடி, தம்பிக்கு வெளிச்சம்

போன வருஷம் ஜூன், பள்ளி திறந்து இரண்டாவது வாரம். தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு அம்மா, ஐந்தாம் வகுப்பு படிக்கும் 10 வயது மகளைக் கூட்டிக்கொண்டு நான் வேலை பார்க்கும் கண் மருத்துவமனைக்கு வந்தார். மகள் முகத்தில் புதுக் கண்ணாடி. அம்மா கையில் ஒரு கண்ணாடிக் கடையின் கம்ப்யூட்டர் சீட்டு. கூடவே 6 வயதுத் தம்பி. அவனை வீட்டில் விட்டுவர ஆளில்லை என்பதால் வந்தவன். இந்தத் தம்பியைப் பற்றித்தான் பிறகு அதிகம் எழுதப்போகிறேன். (பெற்றோர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டேன்.)

"கண்ணாடி போட்ட பத்து நாளா தலைவலின்னு அழறா மேடம். புக்கு எழுத்தெல்லாம் சின்னதாத் தெரியுதாம். கண்ணாடிய மாத்திக் குடுங்க."

மகளுக்குப் பார்வைக் குறை இருப்பதை முதலில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, "அம்மா, வர்றது நம்ம பஸ்ஸா?" என்று மகள் கேட்டிருக்கிறாள். பஸ் அதற்குள் கிட்ட வந்துவிட்டது, ஊர்ப் பெயர் நெற்றியில் பெரிதாக எழுதியிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு வருஷமாக அவள் போர்டில் எழுதுவதைப் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதி வந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றாது. எல்லோருக்கும் போர்டு இப்படிக் கலங்கலாகத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் குழந்தை எதைக் குறையென்று சொல்லும்? கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, டிவிக்குக் கிட்டே போய் உட்காருவது, நோட்டில் தப்புத் தப்பாகக் காப்பி பண்ணுவது, இதெல்லாம்தான் நமக்குக் கிடைக்கும் தகவல். 'கவனம் பத்தலை' என்று டீச்சர் எழுதி அனுப்பியிருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

கடைச் சீட்டில் வலது மைனஸ் 3.00, இடது மைனஸ் 2.75 என்று இருந்தது. மெஷினில் தாடையை வைத்துப் பார்த்த ரீடிங் அது. அதையே அப்படியே கண்ணாடியாகப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

கண்ணாடி இல்லாமல் சார்ட்டைப் படிக்கச் சொன்னேன். இரண்டு கண்ணிலும் 6/24. நல்ல கண் 24 மீட்டரில் படிக்கும் எழுத்தை இவள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறாள் என்று பொருள். பிறகு சின்னத் துளை போட்ட கறுப்புத் தட்டைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். 6/9 வரை வந்தாள். துளை வழியாகப் பார்வை கூடுகிறது என்றால் பிரச்சினை பெரும்பாலும் குவியத்தில்தான், கண்ணாடியால் சரியாகும் வகை. குழந்தைகள் கண்ணைச் சுருக்குவதும் இதே வேலைதான், இமையையே துளையாக்கிக்கொள்கிறார்கள்.

அடுத்து கடைக் கண்ணாடியைப் போட்டுப் படித்தாள். 6/6, கடைசி வரி வரை. அம்மா, "நல்லாத்தானே தெரியுது?" என்றார். நிறையப் பேர் ஏமாறும் இடம் இதுதான். 40 வயதுக்காரருக்கு மைனஸை ஒன்றேகால் கூட்டிப் போட்டால் உடனே கஷ்டப்படுவார். குழந்தையின் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மிருதுவானது, அதன் வடிவத்தை மாற்றும் தசை இறுகினால் சுலபமாக வளைந்து கொடுக்கும். பவர் கூடப் போனால் அந்தத் தசை இறுகி, கூடுதலைத் தானே ஈடுகட்டிவிடும். எழுத்து தெளிவாகவே தெரியும். ஆனால் காலையில் கண்ணாடி மாட்டியதிலிருந்து இரவு கழற்றும்வரை தசை ஓயாது. தலைவலி அங்கிருந்து வருகிறது, எழுத்து சின்னதாகத் தெரிவதும் கூடுதல் மைனஸால்தான். ஆகவே, கண்ணாடி போட்டதும் கடைசி வரி தெரிகிறது என்பது குழந்தைக்குப் பவர் சரி என்பதற்குச் சாட்சியே இல்லை.

மெஷினும் இதே தசையிடம்தான் ஏமாறுகிறது. அதற்குள் ஒரு படம் தெரியும். தூரத்தில் இருப்பதுபோல் காட்டினாலும், கிட்டே இருக்கிற பெட்டிக்குள் பார்க்கிறோம் என்று குழந்தையின் கண் நினைத்து இறுகிக்கொள்ளும். அந்த இறுக்கமும் மைனஸாகவே கணக்கில் ஏறிவிடும். மணிக்கணக்கில் போனோ புத்தகமோ பார்த்துவிட்டு வந்த குழந்தைக்கு இது இன்னும் அதிகம். கிட்டப்பார்வையே இல்லாத குழந்தைக்குக்கூட மைனஸ் ஒன்று காட்டிய சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு ஒரே வழி, தசையைக் கொஞ்ச நேரம் தூங்க வைத்துவிட்டு அளப்பது. டாக்டர் எழுதிக் கொடுத்தபின் சைக்ளோபென்டோலேட் 1 சதவீத சொட்டு மருந்தை இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு விட்டோம், சில நிமிஷம் கழித்து இன்னொரு முறை. எரியும், அதை முன்னாலேயே குழந்தையிடம் சொல்லிவிடுவேன், எரியாது என்று பொய் சொன்னால் இரண்டாவது சொட்டுக்குக் கண்ணைத் திறக்க மாட்டாள். மூக்கோரக் கண் மூலையை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்குள் போவது குறையும். அப்புறம் 40 நிமிஷம் போல உட்கார வைத்தோம். டார்ச் அடித்தபோது கண்மணி சுருங்கவே இல்லை, சரி, அளக்கலாம். ரெட்டினோஸ்கோப்பின் ஒளிக்கோட்டைக் கண்மணியின் குறுக்கே ஓட்டி, உள்ளே தெரியும் சிவந்த வெளிச்சம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, அது நகராமல் நிற்கும்வரை லென்ஸ் மாற்றி அளப்பதுதான் முறை. குழந்தை வாய் திறந்து எதையும் சொல்ல வேண்டியதில்லை.

வந்த விடை: வலது மைனஸ் 1.75, இடது மைனஸ் 1.50. சீட்டுக்கும் இதற்கும் இரண்டு கண்ணிலும் ஒன்றேகால் வித்தியாசம். அந்த ஒன்றேகால் கண் நீளத்தில் இல்லை, தசையின் இறுக்கத்தில் இருந்தது.

ஆனால் 1.75 உண்மையானது. இதை அம்மாவுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் 'மெஷின் தப்பு' என்றதும் கண்ணாடியே வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என நம்பிவிட்டார். கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் கண் பின்பக்கமாக நீண்டுபோவது. பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின் சுமார் 17 மில்லிமீட்டர். வளர்ந்தவருக்கு 23, 24. அந்த வளர்ச்சி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டினால், லென்ஸ் குவிக்கும் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் பவர் இரண்டரை, மூன்று வரை ஏறும். இவளுடைய வலது கண் 24.1 மில்லிமீட்டர், 10 வயதுக்கு இது அதிகம். நீண்ட கண் திரும்பக் குறுகாது. கேரட்டும் பொன்னாங்கண்ணியும் சாப்பிடுங்கள், வைட்டமின் ஏ கிடைக்கும், நீளம் குறையாது. கண் பயிற்சியாலும் குறையாது.

மைனஸ் 1.75 என்றால் சுமார் 57 சென்டிமீட்டர் வரைதான் தெளிவு, அதற்கப்பால் எல்லாம் கலங்கல். கையை நீட்டி விரல் நுனியைப் பாருங்கள், அவளுடைய தெளிவான உலகம் கிட்டத்தட்ட அங்கே முடிகிறது. இவளுக்குக் கண்ணாடி வேண்டுமா என்று யோசிக்கவே இடமில்லை.

அப்போது அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார், "எங்க மாமியார் சொல்றாங்க, இப்பவே கண்ணாடி போட்டா பவர் ஏறிக்கிட்டே போகும், பொண்ணு வேற. கொஞ்சம் கம்மியா எழுதிக் குடுங்களேன்." நான் தினமும் கேட்கும் கோரிக்கை. ஒரு காலத்தில் எங்கள் துறையிலேயே பலர் அப்படித்தான் நம்பினார்கள். மலேசியாவில் குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முழுப் பவரும் இன்னொரு பிரிவுக்கு வேண்டுமென்றே குறைத்தும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2002-இல் வந்தது. குறைத்துக் கொடுத்த குழந்தைகளுக்குத்தான் பவர் கூடுதலாக ஏறியது. அதனால் கூட்டியும் எழுத மாட்டேன், குறைத்தும் எழுத மாட்டேன். இந்த வயதில் கண் வளர்ந்துகொண்டிருப்பதால் பவர் ஏறுகிறது. கண்ணாடியும் இதே வயதில்தான் வருகிறது என்பதால் பழி அதன்மேல் விழுகிறது.

எந்தப் பவரில் கண்ணாடி கொடுப்பது என்பதற்கு எல்லாக் குழந்தைக்கும் ஒரே கோடு கிடையாது. மருந்து விட்டு அளந்து மைனஸ் 0.50 மட்டும் இருக்கிறது, 6/9 படிக்கிறது, போர்டு தெரிவதில் குறையில்லை என்றால் பள்ளிக் குழந்தைக்கு நான் அவசரப்பட மாட்டேன், மூன்று நான்கு மாதம் கழித்துத் திரும்ப அளப்பேன். 0.75, 1.00 என்று போய், போர்டு தெரியவில்லை என்று தெரிந்தால் எழுதிவிடுவேன். 3 வயதுக் குழந்தைக்கு மைனஸ் ஒன்று இருந்தால் பொதுவாகப் பொறுக்கலாம், அதன் உலகமே கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இதில் பொறுக்கக் கூடாதவை இரண்டு: இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால், அல்லது ஒரு கண் அவ்வப்போது வெளிப்பக்கம் ஒதுங்கினால். அதில் தாமதித்தால் மோசமான கண்ணை மூளை கைவிட்டுவிடலாம். பிறகு கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராது. அதனால்தான் பெற்றோரிடம் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி மறு கண்ணால் காலண்டர் தேதியைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள் என்று சொல்கிறேன். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்வரை நல்ல கண் மற்றதை மறைத்துக்கொண்டே இருக்கும்.

மருந்தின் வேகம் முழுதாக இறங்கியபின், மூன்றாம் நாள் திரும்ப வரச் சொல்லி, 1.75-யும் 1.50-யும் போட்டுப் படிக்கவைத்தோம். 6/6. அதையே எழுதினோம், காலை முதல் இரவு வரை போடச் சொல்லி. கடையில் 'ப்ளூ கட்' கோட்டிங்குக்குத் தனியாகக் காசு வாங்கியிருந்தார்கள். போன் வெளிச்சத்திலிருந்து காத்து, பவர் ஏறாமல் வைக்கும் என்றார்களாம். அந்தக் கோட்டிங் கிட்டப்பார்வையைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, இந்தத் தடவை அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள் என்றேன்.

இனி தம்பி.

அக்காவுக்கு மருந்து விட்டுக் காத்திருந்த அந்த 40 நிமிஷமும் அவன் பெஞ்சில் குப்புறப் படுத்து அம்மாவின் போனில் கார் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். மேஜையிலிருந்த பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துப் போய் அவன் புருவத்துக்கும் போனுக்கும் இடையில் பிடித்தேன். 16 சென்டிமீட்டர். ஆட்டத்தில் இருந்ததால் நான் பக்கத்தில் வந்ததே அவனுக்குத் தெரியவில்லை. 33 சென்டிமீட்டரில் புத்தகம் பிடித்தால் கண் மூன்று பவர் அளவுக்கு உழைக்க வேண்டும், 16-இல் ஆறுக்கு மேல். திரை சின்னதாகச் சின்னதாகக் குழந்தை அதை இன்னும் கிட்டே கொண்டுவரும். போனுக்கும் டிவிக்கும் பெரிய வித்தியாசம் இதுதான்.

அப்பா மைனஸ் 4.50, ஒன்பதாம் வகுப்பிலிருந்து. அக்காவுக்கு 10 வயதில் வந்துவிட்டது. தம்பிக்கும் மருந்து விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அவன் நல்லாத்தான் பாக்குறான் மேடம், தூரத்துல போற ஏரோப்ளேனக்கூடக் காட்டுவான்." உண்மைதான், 6/6 படித்தான். பள்ளிக்கூடத்தில் யார் சோதித்தாலும் 'நார்மல்' என்றுதான் எழுதுவார்கள். மருந்து விட்டு அளந்தபோது இரண்டு கண்ணிலும் பிளஸ் 0.25.

இந்த எண் நல்லதுபோல் தெரியும். ஆனால் 6 வயதுக் குழந்தைக்குப் பொதுவாகப் பிளஸ் ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும். சின்னக் குழந்தையின் கண் கொஞ்சம் குட்டையாக இருப்பதால் பிளஸ் பக்கம் இருக்கும். வளர வளர அது செலவாகும். அந்த பிளஸ்தான் கண்ணின் கையிருப்பு. ஒன்றாம் வகுப்பில் அது 0.75-க்கும் குறைவாக இருக்கும் குழந்தைகளுக்குப் பின்னாளில் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துச் சொன்னார்கள். இவனிடம் இருப்பது கால் பவர். பார்வையில் குறையே இல்லாத இந்தப் பையனுக்குத்தான் அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை அதிகம் இருந்தது. அக்காவுக்கு வந்துவிட்டது, கண்ணாடி கொடுத்தோம். இவனுக்கு இன்னும் வரவில்லை.

எவ்வளவு நேரம் திறந்த வானத்துக்குக் கீழே இருக்கிறார்கள் என்று மணி வாரியாகக் கேட்டேன். எட்டரைக்குப் பள்ளி வேன், நாலு மணிக்கு வீடு, பாலைக் குடித்துவிட்டு ஐந்து மணிக்கு டியூஷன், ஏழு மணிக்கு வீட்டுப்பாடம், அப்புறம் படுக்கும்வரை போன். பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார். மதியம் சாப்பாடு வகுப்பிலேயே. எல்லாம் கூட்டினால் வேனுக்கு நடக்கும் நேரம் உட்பட ஒரு நாளைக்கு 20 நிமிஷம் வரவில்லை. அம்மாவே விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு அமைதியாகிவிட்டார்.

வெளியே இருப்பதற்கும் கண் நீளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார், நல்ல கேள்வி. அதிக வெளிச்சம் படும்போது விழித்திரையில் டோபமைன் என்ற பொருள் கூடுதலாகச் சுரக்கிறது, கண் நீள்வதை அது மட்டுப்படுத்துகிறது. கோழிக் குஞ்சுகளை வைத்து நடத்திய பல சோதனைகளிலிருந்து கிடைத்த விளக்கம் இது. இதில் முக்கியம் வெளிச்சத்தின் அளவு. நம் கண் வெளிச்சத்துக்குச் சீக்கிரம் பழகிவிடுவதால் வீட்டுக்குள்ளும் 'நல்ல வெளிச்சம்' இருப்பதாக நினைக்கிறோம். வெளிச்சத்தை அளக்கும் சின்ன லக்ஸ் மீட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. அன்றைக்கு அதை அம்மா கையிலேயே கொடுத்தேன். டியூப்லைட்டுக்குக் கீழே 220. ஜன்னலோரம் 700 சொச்சம். வாசலுக்குப் போய் வேப்பமர நிழலில் பிடித்தார், 9,000-க்கு மேல். வெயிலில் இல்லை, நிழலில். "இவ்ளோ வித்தியாசமா?" என்று மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பேசிய எதையும்விட அந்த எண்தான் அவரிடம் வேலை செய்தது.

இதற்கான சான்று வெறும் யூகமில்லை. சீன வம்சாவளியைச் சேர்ந்த 6, 7 வயதுக் குழந்தைகளைச் சிங்கப்பூரிலும் சிட்னியிலும் ஒப்பிட்டு 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3. வம்சாவளி ஒன்றே. சிட்னிக் குழந்தைகள் புத்தகம் படிப்பதிலும் பின்தங்கவில்லை. பெரிய வித்தியாசம், அவர்கள் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் வெளியே இருந்தார்கள், சிங்கப்பூரில் சுமார் 3 மணி நேரம். அப்புறம் சீனாவின் குவாங்சோவில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிஷம் வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டு முடிவில், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வெளியே விட்ட பள்ளிகளில் 30.4. இது 2015-இல் வெளியானது. நூற்றில் ஒன்பது குழந்தைகள். கவசம் என்று சொல்ல முடியாது, அப்படிச் சொல்லவும் மாட்டேன். ஆனால் பள்ளி மணியை 40 நிமிஷம் மாற்றியதற்கு நூற்றில் ஒன்பது என்பதை நான் சின்னதாக நினைக்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளியே இருப்பது கிட்டப்பார்வை வருவதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோதான் நன்றாக உதவுகிறது. வந்தபின் ஏறுவதை அதே அளவு நிறுத்துகிறது என்பதற்குச் சான்று பலமாக இல்லை. அக்காவையும் வெளியே விளையாட அனுப்புங்கள், உடம்புக்கு நல்லது, ஆனால் அதனால் கண்ணாடி போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

போன் பற்றியும் அதே நேர்மையோடு பேச வேண்டும். சீனாவின் ஃபெய்செங் நகரில் 2020-இல், ஊரடங்குக்குப் பிறகு பள்ளிக் குழந்தைகளைச் சோதித்தார்கள். முந்தைய ஐந்து ஆண்டுகளில் 6 வயதுக் குழந்தைகளிடம் அதிகபட்சமாக 5.7 சதவீதமாக இருந்த கிட்டப்பார்வை அந்த ஆண்டு 21.5 ஆனது. இதைக் காட்டித்தான் போனால் கண் கெட்டது என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் அந்த மாதங்களில் திரை கூடியதும் வெளியே போவது நின்றதும் ஒன்றாக நடந்தன. எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. தவிர, அந்தச் சோதனை சொட்டு மருந்து விடாமல் செய்தது. அக்காவின் கடைச் சீட்டில் கூடியிருந்ததே ஒன்றேகால், அதுபோன்ற தசை இறுக்கமும் அந்த எண்ணுக்குள் கொஞ்சம் இருக்கக்கூடும். என் கணிப்பு இது: போன் இரண்டு வழியில் கெடுக்கிறது. கண்ணுக்கு மிகக் கிட்டே, இடைவெளி இல்லாமல் நெடுநேரம் என்பது ஒன்று. வெளியே இருக்க வேண்டிய சாயங்காலத்தை அது தின்றுவிடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிது என்று நினைக்கிறேன். போனைப் பிடுங்கிவிட்டு அதே அறையில் அதே கட்டிலில் கதைப் புத்தகத்தைக் கொடுத்தால் கண்ணுக்குப் பாதி நியாயம்தான் செய்திருக்கிறோம்.

அதனால் 'போன் கொடுக்காதீர்கள்' என்று எழுதிக் கொடுத்து அனுப்பவில்லை. அந்த வீட்டில் எது நடக்கும் என்று உட்கார்ந்து பேசினோம். டியூஷனை ஐந்திலிருந்து ஆறேகாலுக்குத் தள்ள முடியும் என்றார். நாலரை முதல் ஆறு வரை தாத்தா இருவரையும் ஊர்ப் பள்ளி மைதானத்துக்குக் கூட்டிப் போவார். அந்த நேரத்தில் வெயில் சாய்ந்திருந்தாலும் திறந்தவெளியில் வெளிச்சம் ஆயிரக்கணக்கான லக்ஸ் இருக்கும். தைவானில் நடந்த ஆய்வில் 1,000 லக்ஸுக்கு மேல் இருந்தாலே, மர நிழலில் நெடுநேரம் இருந்தாலும் பலன் தெரிந்தது. உச்சி வெயிலில் நிறுத்த வேண்டியதே இல்லை, தொப்பி போடலாம். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, அதைத் தாத்தாவிடம் தனியாகச் சொல்லி அனுப்பினேன். கார்ட்டூன் பார்ப்பதானால் டிவியில், மூன்று மீட்டர் தள்ளி. போனில் பார்க்கும் அதே படம்தான், ஆனால் கண்ணின் உழைப்பு ஆறு பவரிலிருந்து ஒரு பவரில் மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடுகிறது. புத்தகம் படிக்கும்போது முழங்கையை மேஜையில் ஊன்றி, முஷ்டியைத் தாடைக்குக் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தூரத்துக்குக் கிட்டே வரக் கூடாது. இதை அக்காவே தம்பிக்குச் சொல்லிக் கொடுப்பதாக ஏற்றுக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் தலைவலி நின்றுவிட்டது என்று போனில் சொன்னார்கள். முதல் பெஞ்சிலிருந்து தன் பழைய இடத்துக்குப் போய்விட்டாளாம், அவளுக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

டிசம்பரில் திரும்ப வந்தபோது அக்காவுக்கு வலது 2.00, இடது 1.75. தம்பிக்கு மாற்றமில்லை. ஆனால் நவம்பர் முழுக்க மழை, மைதானத்தில் முழங்கால் தண்ணீர், ஒரு நாளும் போகவில்லை என்றார் அம்மா. அதைச் சொல்லும்போது ஏதோ தப்பு செய்துவிட்டவர்போல் நின்றார். மேகமூட்டமான நாளிலும் வெளியே வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு, மழை விட்ட நேரத்தில் மாடியோ வாசல் திண்ணையோ போதும் என்று சொல்லி அனுப்பினேன். வெயிலால் மே மாதமும் இப்படித்தான் போகப்போகிறது என்பதால், அந்த மாதத்துக்குக் காலை ஆறரை முதல் எட்டரை வரை என்று முன்கூட்டியே முடிவு செய்தோம். மே மாதம் பாதி நாள் நடந்தது, பாதி நாள் நடக்கவில்லை.

இந்த ஜூனில் ஒரு வருஷக் கணக்கு எடுத்தோம், இருவருக்கும் மருந்து விட்டு, அதே கருவியில், அதே நேரத்தில். அக்காவுக்கு வலது மைனஸ் 2.50, இடது 2.25. வலது கண்ணின் நீளம் 24.1-லிருந்து 24.4. வருஷத்தில் முக்கால் பவர். 11 வயதில் இந்த வேகம் என்றால் இன்னும் பல ஆண்டு வளர்ச்சி பாக்கி இருக்கிறது, ஆறைத் தாண்டினால் பிற்காலத்தில் விழித்திரை பிய்ந்து விலகும் அபாயம் கூடும். வெறும் கண்ணாடி மட்டும் போதாத கட்டம் இது. டாக்டர் இரண்டு வழிகளை விளக்கினார். ஒன்று, இரவில் ஒரு சொட்டு விடும் குறைந்த அளவு அட்ரோபின். ஹாங்காங்கில் 0.01, 0.025, 0.05 சதவீதங்களை ஒப்பிட்டபோது அளவு கூடக்கூடப் பலனும் கூடியது, 0.05 முன்னால் நின்றது. இன்னொன்று, நடுவில் சாதாரணப் பவரும் சுற்றிலும் குட்டிக் குட்டி லென்ஸ்களும் உள்ள கண்ணாடி. இதுவும் ஹாங்காங்கில் இரண்டு ஆண்டு சோதித்து, ஏறும் வேகம் சுமார் பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. விலை கூடுதல். அவர்கள் சொட்டு மருந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வெளிச்சத்தில் கண் கூசுகிறதா, கிட்டத்தில் படிக்கச் சிரமமா என்பதை ஒரு மாதம் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். பலன் தெரிய இன்னும் ஆறு மாதமாவது ஆகும்.

தம்பிக்கு வலது 0.00, இடது பிளஸ் 0.25. நீளம் 22.6-லிருந்து 22.8, அந்த வயதில் கிட்டப்பார்வை வராத குழந்தைக்கும் ஏறக்குறைய இவ்வளவு வளரும். பார்வை 6/6. மைதானம் இல்லாமலிருந்தால் இந்நேரம் மைனஸ் ஆகியிருப்பானா என்று அம்மா கேட்டார். தெரியாது என்றேன். ஒரு பையனை வைத்து அதைச் சொல்ல முடியாது, அவனுக்கு இரட்டை இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: 7 வயதில் வரும் கிட்டப்பார்வைக்கு ஏறுவதற்கு இன்னும் பத்து வருஷம் கிடைக்கும், 12-இல் வந்தால் அதில் பாதிதான் கிடைக்கும். ஒவ்வொரு வருஷம் தள்ளிப்போவதும் கடைசிப் பவரில் குறையும்.

அடுத்த பரிசோதனையை டிசம்பருக்கு எழுதிக் கொடுத்தேன். அவர்கள் கிளம்பும்போது இருவருக்கும் கண்மணி விரிந்தே இருந்தது. அக்கா துப்பட்டாவை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள், தம்பி கண்ணைச் சுருக்கியபடி வேப்பமரத்தடியில் போய் நின்று, அந்த மீட்டரை இன்னொரு தரம் தருவீர்களா என்று கேட்டான். கொடுத்தேன். 11,400 என்று சத்தமாகப் படித்தான். கிட்டத்தில் எழுத்து கலங்கியிருந்ததால் மீட்டரைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு.